நடுவில் ஒரு ஷீட்: மாலஸ் விதியை வீட்டுத் தரையில் அளந்து பார்ப்பது எப்படி

ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர் ஷீட் இரண்டைக் குறுக்காக அடுக்கினால் அந்தப் பக்கம் இருட்டு. எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, நடுவில் மூன்றாவது ஷீட் ஒன்றைச் சாய்வாகச் சொருகினால் வெளிச்சம் வருகிறது. தடுப்பு ஒன்று கூடியிருக்கிறது, வெளிச்சமும் கூடியிருக்கிறது. திருவல்லிக்கேணியில் என்னிடம் பிளஸ் டூ இயற்பியல் படிக்க வரும் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருடமும் இதைக் காட்டுகிறேன். யாராவது ஒருவர் ஷீட்டைப் பிடுங்கித் திருப்பிப் பார்ப்பார், உள்ளே ஏதோ பல்பு ஒளித்து வைத்திருக்கிறேன் என்ற சந்தேகத்தில்.

கண்ணால் பார்த்து வியப்பதோடு நிறுத்தாமல் அந்த வெளிச்சம் எவ்வளவு என்று அளந்து, ஷீட்டின் கோணத்தை வைத்து அதைக் கணக்கிடும் மாலஸ் விதியோடு ஒப்பிட வேண்டும். அதற்கு ஒரு ராத்திரி, ஒரு ஆண்ட்ராய்டு போன், ஒரு டார்ச், மூன்று ஷீட் போதும்.

ஷீட் வாங்குவது

ரிச்சி தெருவில் மொபைல் டிஸ்ப்ளே சர்வீஸுக்கான உதிரிப் பொருள் விற்கும் கடைகளில் ‘போலரைசர் ஷீட்’ என்று கேளுங்கள். வெயிலில் நின்றே கருகிப்போன பைக் மீட்டருக்கு மாற்றி ஒட்டுகிறார்களே, அதே ஷீட்தான். பாலிவினைல் ஆல்கஹால் என்ற பிளாஸ்டிக்கை ஒரே திசையில் இழுத்து, அயோடினில் ஊறவைத்துச் செய்கிறார்கள். இழுத்த திசையில் அயோடின் சங்கிலிகள் வரிசையாக நிற்கும். அந்தத் திசையில் அதிரும் மின்புலத்தை அவை விழுங்கிவிடும், அதற்குச் செங்குத்தாக அதிர்வதை விட்டுவிடும். விடுகிற அந்தத் திசைதான் ஷீட்டின் அச்சு. சூடும் ஈரமும் அயோடினுக்கு ஆகாது. நம் ஊரில் இரண்டுமே தாராளம் என்பதால், வாங்கியதைப் பாலித்தீன் உறையில் போட்டு பீரோவில் வையுங்கள்.

பசை இல்லாத ஷீட்டாகக் கேட்டு வாங்குவது நல்லது. இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் மெல்லிய பாதுகாப்புப் பிளாஸ்டிக்கைக் கட்டாயம் உரித்துவிடுங்கள். அது கண்ணாடி மாதிரித் தெளிவாக இருப்பதால் இருப்பதே தெரியாது. ஆனால் இரண்டு ஷீட்டுக்கு நடுவே அது மாட்டிக்கொண்டால் ஒளியின் அதிர்வுத் திசையைக் குழப்பிவிடும். குறுக்காக வைத்தும் இருட்டு வராது, சிவப்பும் பச்சையுமாக நிறம் தெரியும். அழகாக இருக்கும், கணக்குக்கு உதவாது.

தியேட்டர் 3டி கண்ணாடியை உடைத்துப் பயன்படுத்தலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை வட்டத் தளவிளைவுக்கானவை, அதாவது அதிர்வுத் திசை சுழன்றுகொண்டே வரும் ஒளிக்கானவை. திரைப்பக்கம் கால் அலைத் தகடு என்ற ஒரு படலம், கண்பக்கம் சாதாரண போலரைசர். ஆகவே இரண்டு கண்ணாடியின் கண்பக்கங்களும் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்தால் மட்டும் அவை சாதாரண ஷீட் ஜோடியாக நடந்துகொள்ளும். மூன்று அடுக்கு என்று போனால் குழப்பம்தான். ஷீட்டே வாங்கிவிடுங்கள்.

அச்சைக் கண்டுபிடிப்பது

கடைக்காரர் வெட்டிக் கொடுக்கும் துண்டில் அச்சு நீளவாக்கிலும் இருக்கலாம், 45 பாகைச் சாய்விலும் இருக்கலாம். விளிம்பை நம்பக் கூடாது. பகலில் ஜன்னல் வெளிச்சம் பளபளக்கும் மொசைக் அல்லது டைல்ஸ் தரையைச் சரிவாகப் பாருங்கள். தரைக்கு நிமிர்ந்த கோட்டிலிருந்து ஏறக்குறைய 56 பாகை சாய்ந்து பார்க்கும்போது, அந்தப் பளபளப்பில் கிட்டத்தட்ட எல்லாமே கிடைமட்டமாக அதிரும் ஒளி. ஷீட்டைக் கண் முன்னால் பிடித்துச் சுற்றுங்கள். பளபளப்பு மறைந்து டைல்ஸின் பூ வேலை தெளிவாகத் தெரிகிற நிலையில், ஷீட்டின் அச்சு மேல்கீழாக நிற்கிறது. விளிம்பில் ஒரு அம்புக்குறி போட்டுவிடுங்கள். எவர்சில்வர் தட்டில் இதைச் செய்து பார்த்து ஒன்றும் நடக்கவில்லை என்று திரும்பி வராதீர்கள். உலோகப் பளபளப்பு இப்படி அடங்காது.

1808இல் பிரெஞ்சு இயற்பியலாளர் எட்டியென் லூயி மாலஸ் கண்டதும் இதன் அண்ணன் முறைதான். பாரிஸில் லக்சம்பர்க் அரண்மனையின் ஜன்னல்களில் பட்டுத் திரும்பிய மாலை வெயிலை ஒரு கால்சைட் படிகத்தின் வழியே பார்த்தார். படிகம் எதையும் இரட்டையாகக் காட்டும். அதைச் சுற்றும்போது அந்த இரண்டு பிம்பங்களும் மாறி மாறி மங்கின. பிரதிபலிப்பே ஒளிக்கு ஒரு திசை கொடுத்துவிடுகிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது.

மொசைக் தரை காட்டும் அச்சு இரண்டு மூன்று பாகை முன்பின் இருக்கும். அதைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

நிற்க வைப்பது

எல்லார் வீட்டிலும் இருக்கும் பிளாஸ்டிக் ஸ்டூலின் நடுவில் ஒரு ஓட்டை இருக்குமே, எல்.இ.டி. டார்ச்சை அதில் தலைகீழாகச் சொருகுங்கள். ஆடினால் துணி சுற்றி இறுக்குங்கள். கீழே தரையில் போனைப் படுக்க வையுங்கள். போனில் phyphox என்ற இலவச ஆப்பை இறக்கி, ஒளி அளவைத் திறந்தால் லக்ஸில் எண் ஓடும். ஐபோன் தன் ஒளி உணரியை ஆப்புகளுக்குத் திறந்துவிடுவதில்லை, ஆகவே யாரிடமாவது ஆண்ட்ராய்டு இரவல் வாங்குங்கள். உணரி பெரும்பாலும் காதில் வைக்கும் ஸ்பீக்கரின் பக்கத்தில் இருக்கும். விரலால் தடவிக்கொண்டே போனால், எண் சட்டென்று விழும் இடம் அதுதான்.

போனின் இரண்டு பக்கமும் புத்தகம் அடுக்கி, அதன்மேல் கறுப்பு சார்ட் அட்டை ஒன்றைப் பாலம் மாதிரிப் போடுங்கள். உணரிக்கு நேர் மேலே அட்டையில் ஒரு அங்குல ஓட்டை. அட்டை போனை முழுக்க மூடுகிற அளவு பெரிதாக இருக்கட்டும். ஷீட்டைத் தொடாமல் ஓரமாக நுழைந்து வரும் வெளிச்சம்தான் இந்தச் சோதனையின் முதல் எதிரி. ஷீட்டுகளை ஓட்டையைவிடப் பெரிதாக வெட்டி, ஒவ்வொன்றையும் வட்டமாக நறுக்கிய, நடுவில் ஓட்டை போட்ட அட்டையில் ஒட்டுங்கள். கல்யாணப் பத்திரிகை அட்டை இதற்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். வட்டத்தின் விளிம்பில் அச்சின் அம்புக்குறி, கீழ் அட்டையில் பாகைமானியை வைத்துக் குறித்த கோடுகள். கருவி தயார்.

ராத்திரி, விளக்கை அணைத்து, ஜன்னலைச் சாத்திச் செய்யுங்கள். கரண்ட் போன ராத்திரி இன்னும் விசேஷம், தெருவிளக்குகூடக் கிடையாது. டார்ச்சைப் போட்டுப் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். எல்.இ.டி. சூடாகும்வரை வெளிச்சம் மெல்லக் குறைந்துகொண்டே இருக்கும். அந்தச் சரிவைக் கோணத்தின் விளைவு என்று நினைத்து ஒருமுறை நான் அரைமணி நேரம் வீணாக்கினேன்.

அளப்பதற்கு முன் ஒரு சந்தேகம் தீர்க்க வேண்டும்

ஒரே ஒரு ஷீட்டை மட்டும் ஓட்டையின் மேல் வைத்து முழுச் சுற்றுச் சுற்றுங்கள். எண் மாறக் கூடாது. டார்ச் ஒளிக்குத் தனித் திசை கிடையாது, எல்லாத் திசையிலும் கலந்து அதிர்கிறது. ஷீட் எப்படி நின்றாலும் பாதியைத்தான் எடுக்கும்.

மாறினால்? ஒன்று, டார்ச்சுக்குப் பதிலாக எல்.சி.டி. திரையையோ லேசரையோ வைத்திருக்கிறீர்கள். எல்.சி.டி. திரையின் ஒளி ஏற்கெனவே ஒரு திசையில் சீரானது, பல லேசர்களும் அப்படியே. இன்னொன்று, பலரையும் ஏமாற்றுவது: சில புதிய போன்களில் ஒளி உணரி ஓ.எல்.இ.டி. திரைக்கு அடியில் இருக்கிறது. அந்தத் திரையின் மேலேயே பிரதிபலிப்பைக் குறைக்க ஒரு போலரைசர் ஒட்டியிருப்பார்கள். உங்களுக்குத் தெரியாமல் அடுக்கில் ஒரு ஷீட் கூடுதலாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் இரண்டு போன்களில் ஒன்று இப்படி. பழைய போனையே எடுத்துக்கொண்டேன்.

இதில் தேறினால், டார்ச் முகத்தைக் கறுப்பு அட்டையால் மூடி, வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அறையில் கசியும் வெளிச்சம் அது. இனி வரும் ஒவ்வொரு அளவிலிருந்தும் அதைக் கழிக்க வேண்டும். எனக்கு 3 லக்ஸ். கீழே சொல்லும் எண்கள் எல்லாம் கழித்த பிறகு வந்தவை.

இரண்டு ஷீட்

ஷீட் இல்லாமல் 1,200 லக்ஸ். ஒரு ஷீட் வைத்தால் 504. பாடப் புத்தகம் பாதி, அதாவது 600 என்கிறது. புத்தகத்தின் ஷீட் குறையே இல்லாத ஷீட், அச்சின் திசையில் அதிரும் ஒளியை முழுசாக விட்டுவிடும். நம் ஷீட் அதிலும் கொஞ்சம் விழுங்கும். எவ்வளவு என்று தெரிய, இரண்டாவது ஷீட்டை முதலாவதன் அம்புக்குறியோடு ஒரே திசையில் வையுங்கள். 423 வந்தது. 504இல் 423 என்றால் 0.84. நேராக வந்த ஒளியில் நூற்றுக்கு 84 பங்கைத்தான் இந்த ஷீட் விடுகிறது. இந்த 0.84 கடைசிவரை நம் கூட வரும்.

இப்போது கீழ் ஷீட்டை அசைக்காமல் மேல் ஷீட்டைத் திருப்புங்கள். டார்ச் ஒளி முதலில் சந்திப்பது மேல் ஷீட்டை, அதிலிருந்து வரும் ஒளி ஒரே திசையில் அதிர்கிறது. அந்த அதிர்வை ஒரு அம்பு என்று வைத்துக்கொண்டால், அதிலிருந்து θ கோணம் விலகி நிற்கும் கீழ் ஷீட் அந்த அம்பின் cos θ பங்கை மட்டும் விடும். ஆனால் உணரி அளப்பது அம்பின் நீளத்தை அல்ல, செறிவை. செறிவு நீளத்தின் வர்க்கம். ஆகவே:

```
I = I₀ cos²θ
```

இதுதான் மாலஸ் விதி. இதில் I₀ என்பது இரண்டு ஷீட்டும் ஒரே திசையில் இருந்தபோது வந்த 423. 1,200ஐப் போட்டுவிட்டு விதி தப்பு என்பவர்கள் உண்டு. எனக்கு வந்தது இது:

| கோணம் | விதிப்படி | அளந்தது |
|---|---|---|
| 0° | 423 | 423 |
| 30° | 317 | 318 |
| 45° | 212 | 210 |
| 60° | 106 | 108 |
| 90° | 0 | 2 |

45 பாகையில் சரியாகப் பாதி என்பதைக் கவனியுங்கள். கோணத்துக்கு நேர்விகிதமாகக் குறைந்திருந்தால் 30 பாகையில் மூன்றில் ஒரு பங்கு போயிருக்க வேண்டும். கால் பங்குதான் போயிருக்கிறது.

முதல்முறை செய்பவர்களுக்கு இந்த மாதிரி வராது. 30இல் சற்றுக் கூட, 60இல் சற்றுக் கூட என்று ஒரே பக்கமாகச் சாயும். காரணம், 0 பாகை என்று நினைத்த இடம் உண்மையில் 0 அல்ல. அதிகபட்ச வெளிச்சம் வரும் இடத்தைத் தேடித்தானே 0 என்று குறிப்போம்? அங்கே 5 பாகை தவறினாலும் வெளிச்சம் நூற்றுக்கு ஒன்றுகூடக் குறையாது, கண்டுபிடிக்கவே முடியாது. 45 பாகைக்கு அருகில் கதை வேறு. அங்கே ஒரு பாகை நகர்ந்தாலே அளவில் நூற்றுக்கு மூன்றரை மாறும். அந்தக் கூர்மையைப் பயன்படுத்துங்கள். ஒரு பக்கம் திருப்பி 212 லக்ஸ் வரும் இடத்தைக் குறியுங்கள், மறுபக்கம் திருப்பி அதே 212 வரும் இடத்தையும் குறியுங்கள். இரண்டுக்கும் நட்டநடு 0. மொசைக் தரையில் போட்ட அம்புக்குறியை இப்போது திருத்திவிடலாம். அம்புக்குறி திருந்தினால் அட்டவணையும் திருந்தும்.

90 பாகையில் பெரிய எண் நின்றால் மூன்று இடத்தில் பாருங்கள். ஓரக் கசிவா, உரிக்காத பிளாஸ்டிக்கா, அல்லது விளக்கே காரணமா. குண்டு பல்போ வெயிலோ பயன்படுத்தினால் அதில் அகச்சிவப்பு ஏராளம். அயோடின் ஷீட் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத்தான் தடுக்கும், அகச்சிவப்பு குறுக்கு ஷீட்டுகளையும் ஊடுருவிப் போய்விடும். உங்கள் கண்ணுக்கு இருட்டு, உணரிக்கு வெளிச்சம். டிவி ரிமோட்டின் மூக்கைக் குறுக்கு ஷீட்டுகளால் மூடி, பட்டனை அழுத்திப் பாருங்கள், டிவி மாறும். வெள்ளை எல்.இ.டி. டார்ச்சில் அகச்சிவப்பு கிட்டத்தட்ட இல்லை என்பதால்தான் அதைச் சொன்னேன்.

மூன்றாவது ஷீட்

மேல் ஷீட் 0, கீழ் ஷீட் 90 என்று குறுக்காக, 2 லக்ஸில் இருக்கட்டும். மூன்றாவது வட்டத்தை நடுவில் 45 பாகையில் சொருகுங்கள். எண் 89க்கு ஏறும்.

இதற்குக் கணக்குப் போடும்போது பிள்ளைகள் செய்யும் தப்பு ஒன்றே ஒன்று. கடைசி ஷீட்டின் கோணம் 90 என்று எழுதி, cos 90 பூச்சியம், விடை பூச்சியம் என்று முடித்துவிடுவார்கள். 90 யாரிடமிருந்து? முதல் ஷீட்டிடமிருந்து. ஆனால் கடைசி ஷீட்டுக்கு வந்து சேரும் ஒளிக்கு முதல் ஷீட்டைப் பற்றி எதுவும் தெரியாது. நடு ஷீட்டைத் தாண்டியதும் அது நடு ஷீட்டின் திசையில்தான் அதிர்கிறது, பழைய திசை அழிந்துபோயிற்று. ஆகவே ஒவ்வொரு ஷீட்டுக்கும் கோணத்தை அதற்கு முன்னால் இருக்கும் ஷீட்டிலிருந்தே எடுக்க வேண்டும். 0இலிருந்து 45க்கு ஒரு தாவல், 45இலிருந்து 90க்கு இன்னொரு தாவல். இரண்டிலும் பாதி பாதி, மொத்தத்தில் கால் பங்கு.

எதில் கால் பங்கு? மூன்று ஷீட்டையும் ஒரே திசையில் வைத்தால் வருவதில். 423ஐ 0.84ஆல் பெருக்கினால் 355. அதில் கால் 89. அளந்ததும் 89. குறையற்ற ஷீட்டாக இருந்தால் முதல் ஷீட்டில் பாதி, பிறகு கால், ஆக மொத்தம் 1,200இல் எட்டில் ஒன்று, 150 வந்திருக்கும். புத்தகத்து 150க்கும் நம் 89க்கும் உள்ள இடைவெளி விதியின் தவறல்ல, மூன்று ஷீட்டும் தனித்தனியே வாங்கிக்கொண்ட கமிஷன்.

வேலிக் கம்பிகளுக்கு நடுவே கயிற்றை ஆட்டினால் கம்பிக்கு இணையான ஆட்டம் மட்டும் அந்தப் பக்கம் போகும் என்கிற உதாரணம் இங்கேதான் காலை வாரும். அதைப் படித்தவர்கள் ஷீட்டைச் சல்லடை என்றே நினைக்கிறார்கள். சல்லடை இருப்பதை வடிகட்டுமே தவிர, இல்லாததை உண்டாக்காது. 45 பாகையில் அதிரும் ஒளி என்பது 0 திசையிலும் 90 திசையிலும் சம அளவில் சேர்ந்து அதிர்வது. அப்படியானால் 90 திசைப் பங்கு நடு ஷீட்டில் புதிதாக முளைத்தது. அந்தப் பங்கைத்தான் கடைசி ஷீட் விடுகிறது. நடு ஷீட்டை எடுத்துக் கடைசிக்குப் பின்னால், டார்ச்சிலிருந்து மூன்றாவதாக வைத்துப் பாருங்கள். அதே மூன்று ஷீட், அதே கோணங்கள், ஆனால் 2 லக்ஸுக்கும் கீழே இறங்கிவிடும். வரிசைதான் எல்லாம்.

நடு ஷீட்டை மெல்லத் திருப்பியும் பாருங்கள். சூத்திரம் சிறியதாக மடங்கும்:

```
I = I₀ cos²θ · sin²θ = (I₀/4) sin²2θ
```

இங்கே I₀ அந்த 355. 30 பாகையில் 67, 60 பாகையிலும் அதே 67. இந்த இரண்டு அளவும் உங்களுக்குச் சமமாக வரவில்லை என்றால் கடைசி ஷீட் சரியாக 90இல் நிற்கிறதா என்று பாருங்கள்.

இன்னும் எத்தனை ஷீட்?

இவ்வளவு தூரம் வந்தவர்கள் அடுத்துக் கேட்பது இதுதான்: 90 பாகையை இரண்டு தாவலுக்குப் பதில் பத்து சின்னத் தாவலாகப் பிரித்தால்? ஒவ்வொன்றும் 9 பாகை, ஒவ்வொன்றிலும் இழப்பு மிகச் சிறியது. குறையற்ற ஷீட்டில், முதல் ஷீட்டைத் தாண்டிய ஒளியில் 78 சதவீதம் கடைசிவரை வந்துவிடும். தாவலை இன்னும் பொடியாக்கினால் முழுசுக்குப் பக்கத்திலேயே போகலாம், திசை மட்டும் 90 பாகை திரும்பியிருக்கும்.

ரிச்சி தெரு ஷீட்டில் அது நடக்காது. ஒவ்வொரு ஷீட்டும் 0.84 பங்கை மட்டும் விட்டு, மீதியைக் கமிஷனாக எடுக்கும். n தாவலுக்கு வரும் பங்கு இது:

```
(0.84 × cos²(90°/n))ⁿ
```

இரண்டு தாவலுக்கு 18 சதவீதம், மூன்றுக்கு 25, நான்குக்கு 26, ஐந்துக்கு மறுபடி 25, பத்துக்கு 14. நான்கு தாவலுக்கு ஐந்து ஷீட் வேண்டும். ஆறாவது ஷீட்டிலிருந்து வெளிச்சம் குறைய ஆரம்பிக்கும். மூன்றுக்கும் நான்குக்கும் உள்ள அந்த ஒரு சதவீத வித்தியாசத்தை அட்டை வட்டத்தில் அளந்து காட்டுவது சிரமம். ஆகவே நான்கு ஷீட் வாங்கினால் போதும், ஐந்தாவதுக்குக் காசு கொடுக்காதீர்கள்.